மேல்மாடி என்றால் எந்த மாடி?

கேள்வி: கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகளாக அலுவலக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். கூட்டங்களுக்கு அழைப்பு அனுப்புவதும் அறையைத் தயார் செய்வதும் என் வேலை. சென்ற வாரம் வெளியூர் வாடிக்கையாளர்கள் வந்தார்கள். முதல் நாள் மாலை, "நாளை காலை 10.30 மணிக்கு விற்பனைக் குழுவினரும் சேவைக் குழுவினரும் மேல்மாடிக் கூட்ட அறைக்கு வரவும்" என்று வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன். மேலாளரும் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் போட்டார். தரைத்தளத்தில் உட்காரும் விற்பனைக் குழு, வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு முதல் மாடி அறைக்குப் போனது. முதல் மாடியில் உட்காரும் சேவைக் குழு, சோதனை அறிக்கைகளோடு இரண்டாம் மாடி அறையில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் தாமதமாக வருகிறார்கள் என்று இரு தரப்பும் நினைத்து நாற்பது நிமிடம் போய்விட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் வாடிக்கையாளர்கள் கிளம்பிவிட்டார்கள். பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போய்விட்டது. இப்போது "அலட்சியத்தால் நிறுவனத்துக்கு இழப்பு" என்று மெமோ கொடுத்திருக்கிறார்கள். ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும். ஒரு வாரச் சம்பளத்தைப் பிடிக்கப்போவதாகவும் சொல்கிறார்கள். ஹெச்.ஆர். எழுதி வைத்திருக்கும் மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்கள். சேவைக் குழுவினர் விற்பனைக் குழுவோடு இருக்கும் பகையால் வேண்டுமென்றே மாறிப் போனார்கள் என்றே நான் நினைக்கிறேன். கையெழுத்துப் போடுவதா, ராஜினாமா செய்வதா? அந்த அழைப்பை நீக்கிவிடலாமா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கெடு முடிவதற்குள் இந்தப் பக்கம் வெளிவராது என்பதால், செய்யக்கூடாதவை மூன்றை உடனே மின்னஞ்சலில் எழுதியிருந்தேன்: மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், ராஜினாமா செய்யாதீர்கள், அழைப்பை நீக்காதீர்கள். அவற்றுக்கான காரணங்களை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சேவைக் குழுவைப் பற்றிய உங்கள் சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். அதை விளக்கத்தில் எழுதிவிட்டால் உங்கள் பக்கம் இருக்கும் நியாயமும் கெட்டுப்போகும். நீங்கள் அனுப்பிய வரியை முதல் மாடியில் உட்கார்ந்திருக்கும் ஒருவராக மீண்டும் வாசித்துப் பாருங்கள். தமிழில் 'மேல்' என்பது வாசிப்பவர் எங்கே இருக்கிறாரோ அங்கிருந்து அளக்கப்படும் சொல். தரைத்தளத்தில் இருப்பவருக்கு மேல்மாடி என்றால் முதல் மாடி. முதல் மாடியில் இருப்பவருக்கு அது இரண்டாம் மாடிதான், ஏனென்றால் தான் நின்றுகொண்டிருக்கும் தளத்தை யாரும் மேல்மாடி என்று சொல்லிக்கொள்வதில்லை. நீங்கள் தரைத்தளத்தில் வரவேற்புப் பகுதிக்கு அருகில் உட்காருவதாகக் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் நாற்காலியிலிருந்து பார்க்கும்போது அந்தச் சொல்லில் எந்தக் குழப்பமும் தெரிந்திருக்காது. சேவைக் குழுவினர் நேர்மையாகவே வாசித்தார்கள். பகையென்றால், சோதனை அறிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்பது நிமிடம் காலி அறையில் காத்திருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

சொல் எப்போது இரட்டையானது?

உங்கள் கடிதத்தில் இன்னொரு விவரம் இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தாலும் இந்த விவகாரத்தின் ஆணிவேர் அதுதான். இரண்டாம் மாடிக் கூட்ட அறை மூன்று மாதங்களுக்கு முன்புதான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நான்கே முக்கால் ஆண்டுகளும் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு கூட்ட அறைதான் இருந்தது. அதை எல்லோரும் மேல்மாடி அறை என்றே சொல்லிவந்தார்கள். நீங்களும் அப்படியே எழுதிவந்தீர்கள். அதுவரை அந்தச் சொல் பெயராக இருந்தது. புதிய அறை திறந்த அன்று அது திசையாக மாறிவிட்டது. எழுத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை; அது சுட்டும் உலகம் மாறிவிட்டது.

இப்படிப்பட்ட குழப்பம் சட்டத்துக்குப் புதிதல்ல. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 96ஆவது பிரிவு இதைப் பற்றியதுதான். வாசிக்கும்போது தெளிவாக இருக்கும் ஒரு சொல், உண்மையில் இரண்டு பொருள்களில் ஏதோ ஒன்றையே குறிக்க முடியும் என்றால், எழுதியவர் எதைக் கருதினார் என்பதைச் சுற்றியுள்ள உண்மைகளைக் கொண்டு காட்டலாம் என்கிறது அந்தப் பிரிவு. அதற்குச் சட்டமே தரும் உதாரணம் சட்டக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து எனக்குப் பிடித்தமானது: 'அ' என்பவர் 'ஆ' என்பவரோடு ஹைதராபாத்துக்கு வர ஒப்புக்கொள்கிறார், அது தக்காணத்து ஹைதராபாதா, சிந்து மாகாணத்து ஹைதராபாதா என்பதைக் காட்டச் சான்று தரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. உங்கள் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை என்றே நம்புகிறேன். ஆனால் விளக்கம் எழுதும்போது பின்பற்ற வேண்டிய வழி இதுவே: 'நான் முதல் மாடியைத்தான் நினைத்தேன்' என்று வெறுமனே சொல்லாமல், முந்தைய ஆண்டுகளில் அதே சொல்லோடு நீங்கள் அனுப்பிய அழைப்புகளைத் தேதியோடு காட்டுங்கள். அன்று காலை தேநீருக்கும் ப்ரொஜெக்டருக்கும் நீங்கள் முதல் மாடி அறையில்தான் ஏற்பாடு செய்திருந்தீர்கள் என்பது அதைவிட வலுவான சான்று.

உங்கள் பங்கையும் நான் மறைக்கப்போவதில்லை. புதிய அறைக்கு நாற்காலிகள் வந்து இறங்கியபோது எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கியதே நீங்கள்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு அறைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பழைய சொல்லையே எழுதினீர்கள், அது தவறு. அந்தத் தவறு எவ்வளவு பெரியது, அதற்கு என்ன பெயர் என்பதே இனிமேல் கேள்வி.

தவறு வேறு, தவறான நடத்தை வேறு

மெமோவில் 'அலட்சியம்' என்ற சொல்லை யாரோ யோசித்தே போட்டிருக்கிறார்கள். ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால் நிறுவனம் காட்ட வேண்டியது வெறும் பிழையை அல்ல, தவறான நடத்தையை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள கோட்டை உச்ச நீதிமன்றம் 1979இல் ஜே. அகமது வழக்கில் வரைந்து காட்டியது. அவர் அசாமில் நவ்காங் மாவட்டத்தின் துணை ஆணையராக இருந்த அதிகாரி. 1960இல் அங்கு நடந்த கலவரத்தின்போது முன்யோசனையும் தலைமைப் பண்பும் இல்லாமல் நடந்துகொண்டார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. திறமைக் குறைவோ, ஒரே ஒரு முறை நேர்ந்த விடுபடலோ, கணிப்பில் நேர்ந்த பிழையோ சாதாரணமாகத் தவறான நடத்தை ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் அந்தத் தீர்ப்பை முழுக்க உங்களுக்குச் சாதகமானது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஒரு கவனக்குறைவாக இருந்தாலும் விளைவு கடுமையானதாக இருந்தால் அது தவறான நடத்தையாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நின்றுகொண்டிருக்கும் ரயில் இருக்கும் தண்டவாளத்தில் இன்னொரு ரயிலுக்குக் கைகாட்டி இறக்கும் ரயில்வே ஊழியர், தசையில் போட வேண்டிய ஊசியை ரத்த நாளத்தில் போட்டுவிடும் செவிலியர் ஆகியோர் அதற்கு அது தரும் உதாரணங்கள். நாற்பது நிமிடம் வீணாகி, பேச்சு ஒரு மாதம் தள்ளிப்போனதை அந்த வரிசையில் வைக்க முடியாது. ஆர்டர் ரத்தாகவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது என்பதை மெமோ எழுதியவர் கவனிக்கவில்லை. உங்கள் விளக்கம் அதைக் கவனிக்க வேண்டும்.

ஹெச்.ஆரிடம் நிறுவனத்தின் நிலையாணைகளின், அதாவது எழுதிவைத்த பணி விதிகளின், பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தை ஒட்டி வந்த மாதிரி நிலையாணைகளில், தவறான நடத்தைகளின் பட்டியலில் இருப்பது அடிக்கடி நேரும் அலட்சியம், அதாவது பழக்கமாகிப்போன அலட்சியம். உங்கள் நிறுவனத்தின் நிலையாணையிலும் அந்த அடைமொழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஐந்து ஆண்டுகளில் ஒரு மெமோகூட வாங்காத நீங்கள் அந்தப் பிரிவுக்குள் வர மாட்டீர்கள். 'நான் ஆபீஸ் ஸ்டாஃப்தானே, தொழிலாளர் சட்டம் எனக்கு எங்கே பொருந்தும்' என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதவியின் பெயரைப் பார்த்து அதை முடிவு செய்வதில்லை. பழைய 1947 தொழில் தகராறுகள் சட்டமானாலும், அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020 தொழில் உறவுகள் தொகுப்பானாலும், நாள் முழுக்க முதன்மையாக என்ன வேலை செய்கிறீர்கள் என்பதே அளவுகோல். அழைப்பு அனுப்புவதும் பதிவேடு எழுதுவதும் எழுத்தர் வேலை. உங்களுக்குக் கீழே வேலை செய்பவர்களும் யாரும் இல்லை. ஆகவே நீங்கள் தொழிலாளர் என்று வாதிட நல்ல இடமிருக்கிறது.

ஒரு வாரச் சம்பளம்

இதில்தான் நிறுவனத்தின் நிலை மிகவும் பலவீனமாக இருக்கிறது. சம்பளத்தில் எதற்காகவெல்லாம் பிடிக்கலாம் என்பதை 1936ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம் பட்டியலிட்டது. 2019 ஊதியத் தொகுப்பும் பெரும்பாலும் அதே பட்டியலைத்தான் வைத்திருக்கிறது. இழப்புக்காகப் பிடிக்க வேண்டுமென்றால், பாதுகாப்புக்காகக் குறிப்பாக உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள் சேதமாகியிருக்க வேண்டும் அல்லது தொலைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைந்திருக்க வேண்டும். அதுவும் நேரடியாக உங்கள் கவனக்குறைவால் நேர்ந்திருக்க வேண்டும். தள்ளிப்போன ஓர் ஆர்டர் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளும் அல்ல, உங்கள் பொறுப்பிலிருந்த பணமும் அல்ல. அபராதம் என்ற பெயரில் பிடிக்கலாமே என்றால், அதற்கும் முன்கூட்டியே அரசின் ஒப்புதல் பெற்று, அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட குற்றங்களுக்கு மட்டுமே பிடிக்கலாம். உங்கள் தரப்பைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். அதுவும் அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டக் கூடாது. மாதச் சம்பளம் 22,000 ரூபாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 3 பங்கு 660 ரூபாய். ஒரு வாரச் சம்பளம் ஏறத்தாழ 5,000 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் ஹெச்.ஆரின் மேசையில் அருகருகே வைத்தாலே பேச்சின் தொனி மாறிவிடும் என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

மன்னிப்பா, விளக்கமா?

ஹெச்.ஆர். தந்த கடிதத்தை எனக்கு அனுப்பியது நல்லது. அதில் ஒரு வரி: "எனது முழு அலட்சியத்தால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட இழப்புக்கு நானே பொறுப்பு, நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." வருத்தம் தெரிவிப்பது இந்த வரியின் வேலை அல்ல. அலட்சியம், இழப்பு, பொறுப்பு, சம்மதம் என்ற நான்கையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ள வைக்கிறது. நாளைக்கு இன்னொரு சிறு பிழை நேர்ந்தால், 'ஏற்கெனவே எழுத்தில் ஒப்புக்கொண்ட அலட்சியம்' என்று இதே தாள் கோப்பிலிருந்து வெளியே வரும். 'பழக்கமாகிப்போன' என்ற அடைமொழி அப்போது உண்மையாகிவிடும். கையெழுத்துப் போட்டால் முடிந்துவிடும் என்று வாய்மொழியாகச் சொன்னவர் அப்போது அந்த நாற்காலியில் இருப்பாரா என்பதும் தெரியாது.

அதற்காக விறைப்பாகவும் எழுத வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொல்லி, வருத்தத்தைத் தெரிவித்து, சுமத்தப்பட்ட பெயரை மட்டும் மறுக்க வேண்டும். ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"மேற்படி கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை நான் அனுப்பிய அழைப்பில் 'மேல்மாடிக் கூட்ட அறை' என்று குறிப்பிட்டிருந்தேன். முதல் மாடியில் உள்ள அறையைக் குறிக்க அலுவலகத்தில் இத்தனை ஆண்டுகளாக வழங்கிவரும் சொல் அது. முந்தைய அழைப்புகளின் பிரதிகளை இணைத்துள்ளேன். அன்று காலை ஏற்பாடுகளையும் முதல் மாடி அறையிலேயே செய்திருந்தேன். மூன்று மாதங்களுக்கு முன் இரண்டாம் மாடியில் புதிய அறை திறக்கப்பட்ட பிறகு, இரு அறைகளுக்கும் தனித்தனிப் பெயரோ எண்ணோ அறிவிக்கப்படவில்லை. இந்நிலையில் அச்சொல்லைச் சேவைக் குழுவினர் வேறு அறையாகப் புரிந்துகொள்ள இடமிருந்ததை நான் முன்கூட்டியே உணரவில்லை, அதற்கு வருந்துகிறேன். அழைப்பு மேலாளரின் பார்வைக்கும் சென்றது. இது எதிர்பாராமல் நேர்ந்த பிழையே அன்றி அலட்சியம் அல்ல என்பதையும், எனது ஐந்தாண்டுப் பணியில் இதற்கு முன் எந்தப் புகாரும் இல்லை என்பதையும் கனிவுடன் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். ஊதியப் பிடித்தத்துக்கு நான் சம்மதிக்கவில்லை."

மேலாளரைப் பற்றிய வரியை நான் வேண்டுமென்றே சிறியதாக வைத்திருக்கிறேன். அவர் கட்டைவிரல் போட்டது உண்மை. அது பதிவாக வேண்டும். ஆனால் 'அவரும்தானே பார்த்தார்' என்று எழுதினால், நாளை உள்விசாரணையில் உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடிய ஒரே ஆளையும் எதிரியாக்கிக்கொள்வீர்கள். எழுதியவருக்குத் தோன்றாத இரண்டாவது பொருள் வாசித்துப் பார்த்த மேலாளருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அந்த வரியின் பயன்.

இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். விளக்கத்துக்குப் பிறகும் திருப்தியில்லை என்றால் அவர்கள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து உள்விசாரணை நடத்த வேண்டும். அதில் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. இத்தனை சிறிய விஷயத்துக்கு அந்தத் தூரம் போவது அரிது. எழுத்து மூலமான எச்சரிக்கையோடு முடிவதற்கே வாய்ப்பு அதிகம். எச்சரிக்கை வந்தால் அதை எதிர்த்துப் போராட வேண்டாம் என்பதே என் கருத்து.

ராஜினாமாவைப் பற்றி ஒரு வார்த்தை. மெமோ நிலுவையில் இருக்கும்போது கொடுக்கும் ராஜினாமா, குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகியதுபோலவே வாசிக்கப்படும். அடுத்த வேலைக்காக யாராவது தொலைபேசியில் விசாரிக்கும்போது, 'ஒரு பிரச்சினை இருந்தது, தானாகவே போய்விட்டார்' என்ற பதில் போதும் உங்களைக் கெடுக்க.

நீக்குவதும் திருத்துவதும்

வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்குமாக ஒரு செய்தியை நீக்கினால், செய்தி நீக்கப்பட்டது என்ற வரி அங்கே அப்படியே நின்றுவிடும். பலரும் ஏற்கெனவே படம் எடுத்தும் வைத்திருப்பார்கள். குழப்பமான சொல்லை எழுதியவர் என்ற நிலையிலிருந்து, சான்றை மறைத்தவர் என்ற நிலைக்கு நீங்களே இறங்கிவிடுவீர்கள். அதோடு, அந்த அழைப்பு உங்களுக்கு எதிரான சான்று என்று நினைப்பதே தவறு. அதில் முதல் நாள் மாலை அனுப்பிய நேரம் இருக்கிறது, மேலாளரின் கட்டைவிரல் இருக்கிறது, 'எந்த மாடி?' என்று யாரும் கேட்கவில்லை என்பதும் இருக்கிறது. உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்திருங்கள்.

அடுத்த மாதம் அதே வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அழைப்பை எழுதப்போவதும் நீங்கள்தான். மேல், கீழ், அந்தப் பக்கம், வழக்கமான, பழைய, பெரிய என்று வாசிப்பவரின் இடத்தையோ பழக்கத்தையோ சார்ந்த சொற்களை அறையின் பெயரில் வைக்காதீர்கள். 'முதல் தளம்' என்றும் நிறுத்திவிடாதீர்கள். தரைத்தளத்தையே முதல் தளமாக எண்ணுகிறவர்கள் உண்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர்களில் குறிப்பாக. கதவில் ஒட்டியிருப்பது எதுவோ அதைத்தான் அழைப்பில் எழுத வேண்டும். கதவில் எதுவும் ஒட்டவில்லை என்றால், விளக்கத்தோடு சேர்த்து, இரு அறைகளுக்கும் எண் ஒட்ட அனுமதி கேட்டு ஒரு தனிக் கடிதமும் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். பிறகு அழைப்பு இப்படி இருக்கலாம்: "நாளை (வியாழன்) காலை 10.30. அறை எண் 101, தரைத்தளத்திலிருந்து ஒரு மாடி ஏறியதும் இடப்பக்கம், சேவைப் பிரிவு இருக்கும் அதே தளம். விற்பனை, சேவை இரு குழுவினரும் இதே அறைக்கு வரவும்."

அனுப்புவதற்கு முன், அந்த வரியை மேலாளரிடம் அல்ல, சேவைப் பிரிவில் முதல் மாடியில் உட்காரும் ஒருவரிடம் காட்டி, 'நாளைக்கு எங்கே போவீர்கள்?' என்று மட்டும் கேளுங்கள். அவர் இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அதே தளத்துக் கதவைக் காட்டினால் அனுப்பிவிடலாம்.